பொங்கல் சாமான் கணக்கு

ராசா,

இந்தத் தடவை பொங்கல் சாமான் லிஸ்டை நீயே குடும்பக் குரூப்பில் போடு. நான் போட்டால் அண்ணி கட்டளை போடுகிறாள் என்று ஆகிவிடும். போன வருஷம் மூன்று வீட்டுக்காரர்களும் வெல்லம் வாங்கி வந்தார்கள், நெய்யை யாரும் வாங்கவில்லை. அது மறுபடி வேண்டாம்.

மொத்தம் 11,400 ரூபாய் வரும். நாலு வீட்டுக்கும் சமமாகப் பிரித்துவிடலாம் என்று உன் அப்பா சொல்கிறார், எனக்கு அது சரியாகப் படவில்லை. கரும்பு, மஞ்சள் குலை, புதுப் பானை, பூ எல்லாம் சாமிக்கு, அதில் எல்லா வீடும் ஒன்றுதான். அந்த 2,400-ஐ வீட்டுக்கு 600 என்று போடு. சாப்பாட்டுச் செலவு 9,000-ஐ ஆள் கணக்கில் பிரி. பெரியவர்களுக்கு ஒரு பங்கு, பத்து வயசுக்குக் கீழே அரைப் பங்கு, ஆச்சிக்குப் பங்கே கிடையாது. நாங்கள் 2, நீங்கள் 3, அக்கா வீடு இரண்டரை, சித்தப்பா வீடு நாலரை, ஆக 12 பங்கு, பங்குக்கு 750. பூஜைக்கான 600-ஐயும் சேர்த்தால் எங்களுக்கு 2,100, உனக்கு 2,850, அக்காவுக்கு 2,475, சித்தப்பாவுக்கு 3,975.

சித்தப்பாவுக்கு இது பெரிய தொகைதான். ஆனால் பச்சரிசி, தேங்காய், வாழைத்தார், இலை எல்லாம் அவர் வயலிலிருந்துதானே வருகிறது. சொந்த விளைச்சல்தானே என்று இத்தனை வருஷமாக அதை யாரும் கணக்கில் சேர்த்ததே இல்லை, எனக்கு அது ஒரு உறுத்தல். கடை விலைக்குப் போட்டால் 3,200 வருகிறது, அதனால் அவர் கையிலிருந்து 775 கொடுத்தால் போதும்.

நீ சென்னையிலிருந்து நெய், முந்திரி, திராட்சை, ஏலக்காய், காபித்தூள் கொண்டு வா, 3,200-க்குள் முடி. உயர்ந்த ரக முந்திரிதான் வேண்டும் என்று மருமகளுக்குத் தோன்றினால் வாங்கட்டும், கூடுதல் காசு மட்டும் கணக்கில் ஏறாது. வெல்லம், பாசிப்பருப்பு, எண்ணெய் எல்லாம் அக்கா பொறுப்பு, 2,400. பளபளவென்று மஞ்சளாக இருக்கும் வெல்லத்தை எடுக்க வேண்டாம், கொஞ்சம் கறுத்ததே நல்லது என்று அவளிடம் சொல். ஒரு கிலோ அரிசிக்கு ஒன்றரை கிலோ வெல்லம் போதும், உங்கள் அப்பா இரண்டு கேட்பார், காதில் வாங்காதே.

பூஜைச் சாமானும் காய்கறியும் நாங்கள் இங்கேயே வாங்குகிறோம், 2,600 ஆகும். சிறுகிழங்கும் பனங்கிழங்கும் போகி அன்றைக்கு விலை ஏறிவிடும், அதனால் இரண்டு நாள் முன்னாடியே வாங்கிவிடுவேன். காய்கறி விலை மட்டும் இப்போது நிச்சயமில்லை. கூடினாலும் குறைந்தாலும் அதே 12 பங்கில் பிரிப்போம்.

சித்தப்பா தரும் 775-உம் அக்கா தரும் 75-உம் சேர்ந்து 850. அதில் உனக்கு 350, எங்களுக்கு 500. பொங்கலுக்கு முன்னாலேயே ஜிபேயில் முடித்துவிடுங்கள், விசேஷ வீட்டில் உட்கார்ந்து யாரும் காசு கேட்க வேண்டாம். புதுத்துணி அவரவர் செலவு.

குரூப்பில் போடுவதற்கு முன்னால் சித்தப்பாவிடம் மட்டும் போனில் ஒரு வார்த்தை சொல்லிவிடு, அவர் தொகையை எல்லார் முன்னாலும் முதல் தடவையாகப் பார்க்கக் கூடாது.

அம்மா