பதினொரு வருடத்தை ஒரு பைலுக்குள் அடுக்க உதவியவர்களுக்கு

சென்ற கிழமை என்.வி.கியூ என்கிற தேசிய தொழில் தகைமையின் நான்காம் மட்டச் சான்றிதழ் கைக்கு வந்தது. நன்றி சொல்ல வேண்டியவர்கள் சிலர் இருக்கிறார்கள். நேரில் போனால் தொண்டை அடைத்துவிடுகிறது, அதனால் எழுதுகிறேன். பெயர் போட வேண்டாம் என்று நீங்கள் சொன்னதால் உறவு முறையில்தான் கூப்பிடுகிறேன், கோபிக்க வேண்டாம்.

கட்டாரில் பதினொரு வருடம் ஏசி வேலை. கடைசி ஆறு வருடம் நான்கு பேரை வைத்து வேலை வாங்கினேன். ஆனால் என் விசாவில் கடைசி வரைக்கும் 'லேபர்' என்றுதான் இருந்தது. அங்கே அது எனக்குப் பெரிதாகப் படவில்லை, சம்பளம் வந்தது, வேலை நடந்தது. ஊருக்கு வந்து திருகோணமலைப் பக்கம் உப்புவெளியிலும் நிலாவெளியிலும் ஹோட்டல் ஹோட்டலாக ஏறி இறங்கியபோதுதான் உறைத்தது. முதல் கேள்வியே "சேர்டிபிக்கட் இருக்கா?" என்பதுதான். இல்லை என்றால் இரண்டாவது கேள்வி கிடையாது. எட்டு மாதம் அப்படியே போனது.

அரசாங்கக் கச்சேரியில் வேலை செய்யும் அக்கா, நீங்கள்தான் முதலில் அந்த வழியைக் காட்டினீர்கள். வகுப்புக்குப் போகாமல், ஏற்கெனவே செய்த வேலையைக் காட்டி, அதைப் பரீட்சித்து என்.வி.கியூ எடுக்கலாம், ஆர்.பி.எல் என்று சொல்வார்கள், தொழிற்பயிற்சி அதிகாரசபையான நைட்டாவில் போய்க் கேள் என்றீர்கள். நான் நம்பவில்லை. இந்த வயதில் புத்தகம் தூக்கச் சொல்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். நீங்கள் என்னை உட்கார வைத்து, பிரிட்ஜும் ஏசியும் சேர்ந்த இந்தத் தொழிலுக்கு வகுத்திருக்கும் தகைமைப் பட்டியலை எடுத்து, ஒவ்வொரு அலகுக்கும் ஒரு தாள் வைத்து, "இதில் நீ செய்ததற்கு என்ன ஆதாரம்?" என்று கேட்டுக்கொண்டே போனீர்கள். போனில் தொள்ளாயிரத்துக்கு மேல் படம் இருந்தது. அதில் மெஷின் மட்டும் தெரியும் படங்களையெல்லாம் நீங்கள் தள்ளிவிட்டு, என் கையில் காஸ் அழுத்தம் பார்க்கும் கேஜ் இருப்பதும் முகம் தெரிவதுமான நாற்பதை மட்டும் எடுத்தீர்கள். ஒவ்வொரு படத்துக்கும் கீழே எந்த மாதம், எந்த மெஷின், நான் செய்தது என்ன என்று மூன்று வரி. அந்த மூன்று வரியை எழுத எனக்கு இரண்டு கிழமை எடுத்தது அக்கா. ஆனால் எழுத எழுதத்தான் நான் என்னென்ன செய்திருக்கிறேன் என்று எனக்கே தெரிந்தது.

தோஹாவில் இருக்கும் மலையாளிச் சேட்டா, உங்களுக்கு இதை யாராவது வாசித்துக் காட்டுவார்கள். கொம்பனி தந்த சேவைக் கடிதத்தில் வேலை செய்த காலம் மட்டும்தான் இருந்தது, வேலை என்ன என்று ஒரு சொல் இல்லை. அதை வைத்ததும் ஒன்று வைக்காததும் ஒன்று. நீங்கள் மனேஜரிடம் நின்று, ஸ்பிளிட், பக்கேஜ் யுனிட், சில்லர் என்று நான் கை வைத்த மெஷின்களின் வகையைப் போட்டு, கையொப்பம், முத்திரை, கூப்பிட்டுக் கேட்க ஒரு தொலைபேசி இலக்கம் எல்லாவற்றோடும் புதுக் கடிதம் வாங்கி அனுப்பினீர்கள். நான் கேட்காமலே பழைய ஜொப் ஷீட்களையும் படம் பிடித்து அனுப்பியிருந்தீர்கள். உண்மையில் ஆர்.பி.எல் நேர்முகத்தில் அந்த ஷீட்களைத்தான் அதிக நேரம் புரட்டினார்கள்.

இனி பிரிட்ஜ் திருத்தும் கடை வைத்திருக்கும் கிண்ணியா நானா. உங்களுக்கு எழுதத்தான் இத்தனையும் எழுதினேன்.

செய்முறைப் பரீட்சையில் ஏசி பக்கம் எல்லாம் சரியாகப் போனது. பிரிட்ஜில் விழுந்தேன். ஒரு பழைய ஆர் 134ஏ காஸ் பிரிட்ஜில் பில்டரை மாற்றி, கெப்பிலரி குழாயை ஒட்டி, காஸ் அடிக்க வேண்டும். பதினொரு வருடத்தில் நான் வீட்டு பிரிட்ஜ் ஒன்றைக்கூடத் திறந்ததில்லை. நூல் மாதிரிக் குழாய், உள்துளை ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. அதைக் கட்டரால் வெட்டி, பில்டருக்குள் இருக்கும் வலையில் முட்டும் வரை தள்ளி, ஒட்டிவிட்டேன். ஓட விட்டால் கேஜ் முள் பூச்சியத்துக்குக் கீழே போய் நிற்கிறது, பின்பக்கக் கம்பி சூடாகவில்லை, உள்ளே காஸ் பாயும் அந்தச் சீறல் சத்தமே இல்லை. அடைத்துவிட்டது. மற்ற அலகுகளுக்குத் தேர்ச்சி, அந்த ஒன்றுக்கு மட்டும் 'இன்னும் இல்லை' என்று எழுதினார்கள். அந்த அலகை மட்டும் மறுபடி செய்யலாம் என்றும் சொன்னார்கள், அது எனக்கு அன்றைக்குக் காதில் விழவே இல்லை.

உங்கள் கடைக்கு நான் வந்தபோது என்னை யாரென்றே உங்களுக்குத் தெரியாது நானா. ஆறு கிழமை, கூலி பேசாமல், என்னை உங்கள் பலகையில் உட்கார வைத்தீர்கள். முதல் நாளே கட்டரை என் கையிலிருந்து வாங்கி வைத்துவிட்டு, சின்ன அரத்தால் குழாயைச் சுற்றி ஒரு கீறல் போட்டு, இரண்டு விரலால் வளைத்து ஒடித்தீர்கள். ஒடித்த முனையை வெளிச்சத்தில் காட்டி, "பார், துளை வட்டமா இருக்கா? கட்டர் போட்டா வாய் நசுங்கிரும்" என்றீர்கள். அப்புறம், "தொடுற வரைக்கும் விடு, தொட்டதும் கொஞ்சம் இழு, இழுத்த இடத்தில கோடு போட்டுட்டுத்தான் கேஸ் லைட்டைப் பத்த வை." வலையில் முட்டினால் அடைக்கும், அதிகம் இழுத்தால் ஒட்டுகிற ஈயம் உள்ளே ஓடி அடைக்கும். அந்தக் கோடு இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. இருபது முறையாவது வெட்டி ஒட்டி அறுத்துப் பார்த்திருப்பேன். குழாய் செலவைக்கூட நீங்கள் கேட்கவில்லை.

காஸ் விஷயமும் அப்படித்தான். கட்டாரில் கிலோக் கணக்கில் அடித்த கை. இப்போது வரும் ஆர் 600ஏ பிரிட்ஜ்களுக்குப் பல நேரம் ஐம்பது கிராம் பக்கம்தான் போகும், அதுவும் தீப்பிடிக்கும் காஸ். தராசை மேசையில் வைத்து, மின்விசிறிக் காற்று அதில் படாமல் அட்டையால் மறைத்துப் பிடித்துக்கொண்டு நிற்பீர்களே, அது என் கண்ணிலேயே நிற்கிறது. இரண்டாம் முறை தேர்ச்சி வந்த அன்று நேரே உங்களிடம்தான் வந்தேன். "சரி, அந்த பிரிட்ஜைத் தூக்கு" என்று அடுத்த வேலையைக் காட்டினீர்கள்.

நிலாவெளி ஹோட்டலின் பொறியியலாளர் ஐயா, சான்றிதழ் வருமுன்னே சீசனுக்கு மட்டும் என்று நாள்கூலியில் எடுத்தீர்கள். கடற்கரை வரிசையில் ஏசிகள் மத்தியானம் ஆனால் நின்றுவிடும், முன்பு வந்தவர்கள் காஸ் இல்லை என்று காஸ் அடித்துவிட்டுப் போயிருந்தார்கள். வெளி யுனிட்டைத் திறந்து அலுமினியத் தகட்டை விரலால் தொட்டேன், வெள்ளைப் பொடியாக உதிர்ந்தது. தோஹாவில் தூசி அடைக்கும், அதை ஊதித் தள்ளலாம். இங்கே உப்புக் காற்று, செப்புக் குழாயைத் தொட்டுக்கொண்டிருக்கும் அலுமினியத்தை அரித்துத் தின்கிறது. தகடு போனால் சூடு வெளியேறாது, கம்ப்ரஷர் கொதித்து நிற்கும். அந்த நேரத்தில் காஸ் கூட்டினால் அழுத்தம் இன்னும் ஏறும். காஸைக் குறைத்து அளந்து அடிக்கவும், கடல் பக்க யுனிட்களை நல்ல தண்ணீரால் கிழமைக்கு ஒரு தடவை மெதுவாகக் கழுவவும் கேட்டேன். புதிதாக வந்தவன் சொல்கிறான் என்று நீங்கள் தள்ளவில்லை, அடுத்த நாளே தண்ணீர் பைப் இழுத்துத் தந்தீர்கள். சான்றிதழ் வந்ததும் நிரந்தரக் கடிதம் தந்தீர்கள், அதனால் நவம்பர் மழையில் அறைகள் வெறிச்சோடிக் கிடக்கும்போதும் எனக்குச் சம்பளம் இருக்கும்.

வீட்டில் இருப்பவளுக்கு இங்கே எழுதினால் அவளுக்கு வெட்கம். அந்த எட்டு மாதமும் "திரும்பப் போங்கோ" என்று ஒரு நாளும் சொல்லவில்லை. அது போதும்.

ஒன்று மட்டும். என் பைலின் போட்டோ கொப்பியை நானாவின் கடையில் கொடுத்து வைத்திருக்கிறேன். வளைகுடாவிலிருந்து வந்து என்னைப் போல் நிற்கும் தம்பிமார் யாராவது இருந்தால் போய்ப் பாருங்கள். இன்னும் அங்கேயே இருப்பவர்கள், வரும் முன்னே ஜொப் ஷீட்களைப் படம் பிடித்து வையுங்கள், மெஷினோடு உங்கள் முகமும் விழட்டும்.