பத்து நிமிடத்தில் ஒரு கோட்டை

பெருமதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் ‘பள்ளி மாணவர்களுக்கான தரங்கம்பாடி பாரம்பரிய நடை’ என்ற திட்டத்தை முழுப் பக்கத்துக்கு வெளியிட்டிருந்தீர்கள். அதில் வந்த ஒரு வரி: “இந்தக் காலப் பிள்ளைகளுக்கு ஒரு கட்டடத்தின் முன் நின்று பார்க்கும் பொறுமை கிடையாது என்பதால் ஒவ்வோர் இடத்துக்கும் பத்து நிமிடம் போதும்.” பதினோரு இடங்கள், இரண்டு மணி நேரம். நடக்கிற நேரமும் தண்ணீர் குடிக்கிற நேரமும் எந்தக் கணக்கில் வருகின்றனவோ, தங்கள் கட்டுரையாளருக்கே வெளிச்சம்.

அரசுப் பள்ளியில் ஓவிய ஆசிரியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். என் பாடவேளையை அரையாண்டுத் தேர்வு நெருங்கும்போதெல்லாம் கணக்கு வாத்தியாருக்குத் தாரை வார்த்தே பழகியவன், ஆகையால் அவமானம் எனக்குப் புதிதல்ல. ஆனால் பிள்ளைகளுக்குப் பொறுமை இல்லை என்று அச்சில் வந்ததைத்தான் தாங்கிக்கொள்ள முடியவில்லை. பொறுமை இல்லாதவர்கள் பிள்ளைகளா, வேனை விட்டு இறங்கும்போதே “சாப்பாடு எத்தனை மணிக்கு?” என்று கேட்கும் பெரியவர்களா?

தங்கள் திட்டத்தின் கடைசியில் இருந்த வினாத்தாளையும் பார்த்தேன். “கோட்டை கட்டப்பட்ட ஆண்டு எது?” “டேனியர் இவ்வூரை ஆங்கிலேயருக்கு விற்ற ஆண்டு எது?” 1620, 1845 என்று வீட்டில் உட்கார்ந்தபடியே எழுதிவிடலாம். இதற்குக் கடற்கரை வரைக்கும் பிள்ளைகளை வெயிலில் இழுத்துப்போவானேன்? அந்த இடத்தில் நின்றால் மட்டுமே விடை கிடைக்கிற கேள்வி ஒன்றுகூட அந்தத் தாளில் இல்லை.

நான் அழைத்துப்போகும் முறையைச் சொல்கிறேன். பன்னிரண்டு பிள்ளைகளுக்கு மேல் கூடாது. இடம் நான்கே நான்கு. காலை ஏழு மணிக்கே ஊர் நுழைவாயிலில் நிற்க வேண்டும். வெயிலுக்குப் பயந்து மட்டும் இல்லை. அந்த நேரத்துச் சாய்வெயில் சுவரை உரசிக்கொண்டு விழும். பூச்சில் உள்ள மேடு பள்ளம், விரிசல் எல்லாவற்றுக்கும் நிழல் கிடைக்கும். உச்சி வெயிலில் அதே சுவர் மொழுக்கென்று இருக்கும். ஆளுக்கு ஒரு கோடு போடாத நோட்டு, பென்சில், தையற்கடை நாடா, நடுவில் உள்ளங்கை அளவு சன்னல் வெட்டிய ஓர் அட்டை. அட்டையைக் கண்ணுக்கு முன் பிடித்தால் கட்டடம் மறைந்து ஒரு மூலை மட்டும் தெரியும். முழுக் கட்டடத்தைப் பார்க்கச் சொன்னால் பிள்ளை எதையும் பார்க்காது. மூலையைக் காட்டினால் முழுசும் பார்க்கும்.

நுழைவாயிலில் முதல் வேலை, பேசாமல் இரண்டு நிமிடம் பார்ப்பது. பிறகு திரும்பி நின்று, பார்த்ததை நினைவிலிருந்து வரைவது. எல்லோரும் வளைவை வரைந்துவிடுவார்கள். மேலே இருக்கிற அரச முத்திரையையும் 1792 என்ற ஆண்டையும் பாதிப் பேர் விட்டிருப்பார்கள். இப்போது திரும்பிப் பார்க்கச் சொன்னால், விட்டது என்ன என்று அவரவரே கண்டுபிடித்துத் தலையில் அடித்துக்கொள்வார்கள். அதற்குப் பிறகு அந்த வாசலை அவர்கள் பார்க்கிற பார்வையே வேறு. அழகாக வரைவது இங்கே முக்கியமில்லை என்பதை மட்டும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் அழிரப்பரோடு மல்லுக்கட்டியே பொழுது போய்விடும். (இந்த வாசலின் படத்தைப் போட்டு அடியில் ‘டேனியக் கோட்டை’ என்று தாங்கள் முன்பொரு முறை அச்சிட்டதை நான் இன்னும் மறக்கவில்லை. திருத்தம் கேட்டு எழுதினேன். திருத்தம் வரவில்லை, ‘வாசகர் பாராட்டு’ என்ற தலைப்பில் என் கடிதத்தின் முதல் இரண்டு வரிகள் வந்தன.)

இரண்டாவது இடம் கிங்ஸ் தெருவில் உள்ள புதிய எருசலேம் ஆலயம். தங்கள் கட்டுரை இதை ‘சீகன்பால்கு கட்டிய 1718ஆம் ஆண்டு தேவாலயம்’ என்ற ஒரு வரியில் முடித்துவிட்டது. முகப்பில் ஒரு கிரீடமும், அதற்குக் கீழே பின்னிக் கிடக்கும் கோடுகளும் இருக்கின்றன. அது என்ன என்று பிள்ளைகளிடம் கேளுங்கள், பதிலைச் சொல்லிவிடாதீர்கள். பாம்பு என்பார்கள், பூ என்பார்கள், ஒரு பையன் ‘ழ’ என்றான். கோடுகளை ஒவ்வொன்றாக நோட்டில் பிரித்து வரையச் சொன்னால், ஆங்கில எஃப் எழுத்தும் 4 என்ற எண்ணும் தனித்தனியே வெளியே வரும். நான்காம் ஃபிரெடரிக். சீகன்பால்கை இங்கே அனுப்பிவைத்த டென்மார்க் அரசர், ஆட்சிக்காலம் 1699 முதல் 1730 வரை.

விஷயம் இதோடு முடிவதில்லை. இந்த ஊர் டேனியர் கையில் இருந்த காலம் முழுக்க அந்த நாட்டு அரசர்கள் கிறிஸ்டியன், ஃபிரெடரிக், கிறிஸ்டியன், ஃபிரெடரிக் என்று மாறி மாறித்தான் வந்தார்கள். கோட்டை கட்டியபோது நான்காம் கிறிஸ்டியன். நுழைவாயிலில் 1792 என்று பொறித்தபோது ஏழாம் கிறிஸ்டியன். ஊரை விற்றபோது எட்டாம் கிறிஸ்டியன். அரசர் பட்டியலை ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கையில் கொடுத்துவிட்டால் போதும். ஆண்டு எழுதாத ஒரு டேனியக் காசில் கிரீடத்தின் கீழ் சி-யும் 7-ம் இருந்தால், அது 1766க்கும் 1808க்கும் இடைப்பட்டது என்று ஏழாம் வகுப்புப் பிள்ளை தானே சொல்லிவிடும். ஒரே ஓர் எச்சரிக்கை மட்டும் கொடுப்பேன்: முத்திரை அது பதிக்கப்பட்ட காலத்தைச் சொல்லும், கட்டடம் முழுவதன் வயதைச் சொல்லாது. அதே தெருவில் நிற்கும் சீயோன் ஆலயம் 1701இல் எழுந்தது, 1800இல் மாற்றிக் கட்டப்பட்டது. ஒரே கட்டடத்துக்கு இரண்டு வயது.

இந்தச் சின்ன வேலைக்கு முக்கால் மணி நேரம் ஆகும். தங்கள் கணக்கில் நாலரை இடத்தைக் கோட்டை விட்டாயிற்று.

மூன்றாவது இடத்துக்குப் பெயர் கிடையாது. ஏதாவது ஒரு பழைய வீட்டின் தெருப்பக்கச் சுவர். வீட்டுக்காரரிடம் முந்தின நாளே அனுமதி கேட்டுவிட வேண்டும். கடலோரத்து மண்ணில் உப்பு நீர் சுவர் வழியே மேலே ஏறும். சுண்ணாம்புப் பூச்சு அதை வெளியே காய விடும். சுவரின் கால்மாட்டில் மாவு தூவியது போல உப்புப் பூக்கும், கொஞ்சம் உதிரும், அதோடு சரி. அந்த இடத்தை யாராவது சிமெண்டால் பூசினால் நீர் வெளியேற வழியில்லாமல் இன்னும் மேலே ஏறி, சிமெண்ட் முடிகிற இடத்துக்கு மேலே வந்து ஈரமாகக் கசியும். அங்கே பழைய பூச்சு செதில் செதிலாக உரியும். பிள்ளைகள் சாண் போட்டு அளக்கலாம்: சுண்ணாம்புச் சுவரில் உப்பு எத்தனை சாண் உயரத்தில் நிற்கிறது, சிமெண்ட் ஒட்டுப் போட்ட சுவரில் எத்தனை சாண்? இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினால் காரணத்தை அவர்களே கேட்பார்கள். பொங்கலுக்கு வெள்ளையடித்த கையோடு போனால் ஒன்றும் தெரியாது. மாசி, பங்குனியில் போகலாம். உரிந்த பூச்சை நகத்தால் பெயர்க்கக் கூடாது என்று மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். ஒரு பிள்ளை ஆரம்பித்தால் பன்னிரண்டும் ஆரம்பிக்கும்.

இதை எழுதும்போதுதான் நினைவு வருகிறது. முழுக்கச் சிமெண்ட் பூசப்பட்ட ஒரு பழைய வீட்டின் படத்தைப் போட்டு ‘புதுப்பொலிவு’ என்று பாராட்டி எழுதியிருந்தீர்கள். அந்தப் புதுப்பொலிவு எத்தனை மழைக்காலம் தாங்கியது என்று யாரையாவது அனுப்பிப் பார்த்தீர்களா?

அப்படி ஒரு சுவரை அளந்துகொண்டிருந்தபோதுதான் ஒரு சிறுமி, “சார், இந்த விரிசல் மட்டும் ஏன் வட்டமா போகுது?” என்று கேட்டாள். கூட வந்திருந்த ஆசிரியை “விரிசல்னா அப்படித்தான்மா இருக்கும், வா” என்றார். அவள் வரவில்லை. நோட்டில் அந்த விரிசலை வரைந்தாள். இரண்டு பக்கமும் செங்குத்தாக ஏறி, மேலே வில் போல வளைந்து சேர்ந்தது. நாடாவை வைத்து அளந்தோம்; அகலம் கிட்டத்தட்ட பக்கத்து வாசலின் அகலமேதான். விரிசலுக்கு உள்ளே விரல் முட்டியால் தட்டினால் ஒரு சத்தம், வெளியே தட்டினால் வேறு சத்தம். ஓர் இடத்தில் பூச்சு விழுந்திருந்ததில், உள்ளே இருந்த செங்கல் வெளியே இருந்ததைவிடத் தடிமனாகத் தெரிந்தது. அடைத்துவிட்ட பழைய வாசல் அது! பின்னால் வைத்துக் கட்டிய செங்கலும் முதலில் இருந்த சுவரும் ஒன்றோடு ஒன்று பிணையாததால் சேர்கிற கோட்டில் பூச்சு வெடித்திருக்கிறது. செங்கல் தடிமனை மட்டும் வைத்து இப்படித் தீர்ப்பு சொல்லக் கூடாது, இடிந்த கட்டடத்துச் செங்கல்லைப் புதுச் சுவரில் வைப்பது நம் ஊரில் எப்போதும் உண்டு. இங்கே வளைவு, அகலம், சத்தம், செங்கல் நான்கும் ஒன்றையே சொன்னன. வீட்டுப் பாட்டியிடம் கேட்டதற்கு, “எங்க மாமியார் காலத்துல அந்தப் பக்கம் வண்டி உள்ள வரும்னு சொல்லுவாங்க” என்றார். அந்தச் சிறுமி ஒரு சுவரின் முன்னால் நின்ற நேரத்தில் தங்கள் நடை நான்கு இடங்களைத் தாண்டிப் போயிருக்கும்.

கடைசியாகத்தான் கோட்டை. அங்கே பீரங்கி மேல் ஏறிப் படம் பிடிப்பதற்கு முன் ஒரே ஒரு வேலை: சன்னலுக்குள் கையை நீட்டிச் சுவரின் தடிமனை அளப்பது. கீழ்த்தளத்தில் ஓரிடம், மேல்தளத்தில் ஓரிடம். இரண்டு அளவும் ஒன்றா, எது அதிகம், ஏன் என்று கேட்டுவிட்டு, பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் படம் பிடித்துக்கொள்ளட்டும். கோட்டைக்கு விடுமுறை நாள் எது என்று விசாரித்துக்கொண்டு கிளம்புவதும் நல்லது. பூட்டிய கதவுக்கு வெளியே நின்று புளிசாதம் சாப்பிட்டுத் திரும்பிய பள்ளிகளை நான் பார்த்திருக்கிறேன்.

இவ்வளவு எழுதியதற்குக் காரணம் ஒரு சிறு வேண்டுகோள்தான். அடுத்த முறை இப்படி ஒரு திட்டம் வெளியிடும்போது அந்த வினாத்தாளை எடுத்துவிட்டு, அதே இடத்தை வெறுமையாக விட்டு, மேலே ‘நினைவிலிருந்து வரைக’ என்று மட்டும் அச்சிடுங்கள். அந்தப் பக்கத்தின் பின்புறம் நீட் பயிற்சி மைய விளம்பரம் வேண்டாம். தங்கள் தாளில் பின்பக்க மை முன்பக்கம் தெரிகிறது, பென்சில் கோடு எடுபடாது. விளம்பரத்தை விட மனமில்லையென்றால் கொஞ்சம் தடித்த தாளாவது போடுங்கள்.

இந்தக் கடிதத்தைச் சுருக்கித்தான் வெளியிட வேண்டும் என்றால் வெளியிடவே வேண்டாம்.

தங்கள் நெடுநாள் வாசகன்,
ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர்,
மயிலாடுதுறை மாவட்டம்.