சனிக்கிழமை காலை, உன் வீட்டிலேயே

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் நேற்று வந்தது. தைப்பூசத்தன்று தண்ணீர்மலையில் கூட்டத்துக்கு நடுவே இரண்டு வார்த்தைதான் பேச முடிந்தது என்ற குறை இப்போது தீர்ந்தது. மகனுக்கு வேலை உறுதியானதில் எனக்கும் நிம்மதி. இங்கே பெரியவள் ஐந்தாம் படிவத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறாள். அத்தைக்கு முழங்கால் வலி சற்றுக் குறைந்திருக்கிறது.

குளுகோர் வீட்டைத் தீபாவளிக்கு முன் புதுப்பிக்கப் போவதாகவும், வடிவமைப்பாளர் தம் அலுவலகத்துக்கு வரச் சொல்லியிருப்பதாகவும் எழுதியிருக்கிறாய். அலுவலகத்துக்குப் போகாதே. அவரை உன் வீட்டுக்கு வரச் சொல். போன ஆண்டு ஸ்தாப்பாக்கில் எங்கள் வீட்டை உடைத்துக் கட்டியதில் நான் கற்ற முதல் பாடம் அதுதான்.

எங்கள் முதல் சந்திப்பு எங்கள் வடிவமைப்பாளருடைய அலுவலகத்தில், பெரிய திரையின் முன் நடந்தது. முப்பரிமாணப் படங்களில் வீடு அரண்மனை போல இருந்தது. சமையலறைச் சுவர் 10 அடி 2 அங்குலம் என்று வரைபடத்தில் போட்டிருந்தார்கள். வீட்டு மேம்பாட்டாளர் அந்தக் காலத்தில் கொடுத்த பழைய வரைபடத்திலிருந்து எடுத்த அளவு அது. யாரும் வந்து அளக்கவில்லை. உண்மையில் சுவர் 9 அடி 10 அங்குலம். மூலையில் ஒரு தூண் வேறு 4 அங்குலம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. அலமாரி செய்து மாட்டிய பிறகு குளிர்பெட்டியின் கதவு பாதிதான் திறந்தது. உள்ளே இருக்கும் காய்கறித் தட்டை இன்று வரை முழுதாக இழுக்க முடியவில்லை. கீரைக் கட்டை ஒவ்வொரு முறையும் சாய்த்துச் சொருகுகிறேன். அதனால், “இந்த அளவுகள் வீட்டில் அளந்தவையா, பழைய வரைபடத்தில் உள்ளவையா?” என்று முதலில் கேள். அளந்தவை என்றால்கூட, சமையலறையையும் மாடிப்படியையும் அவர் கண்ணெதிரே நாடாப் பிடித்து ஒரு முறை அளந்துவிடு. புதிய சுவர் வரும் இடத்தில் தரையில் ஒட்டுநாடா ஒட்டச் சொல். இரண்டு பேர் எதிரும் புதிருமாகக் கடந்து போக முடிகிறதா என்று நடந்து பார்த்தால்தான் தெரியும்.

இரண்டாவது சந்திப்பை வீட்டில்தான் வைக்க வேண்டும் என்று அத்தை பிடிவாதமாக நின்றார். அன்று நடந்ததை நான் மறக்கவே மாட்டேன். தரைத் தளம் ஒரு தாளில், மாடி இன்னொரு தாளில். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டிலும் ஒரு குற்றமும் சொல்ல முடியாது. அத்தை இரண்டையும் வாங்கி, மாடிப்படியோடு மாடிப்படி பொருந்தும்படி ஒன்றன் மேல் ஒன்றாக வைத்து, ஜன்னல் கண்ணாடியில் அழுத்திப் பிடித்தார். காலை வெயில் தாள்களின் வழியே வந்தது. மாடியில் புதிதாக வரப்போகும் கழிவறையின் கோடுகள் கீழே சாமி அறையின் கோடுகள் மேல் அப்படியே படிந்திருந்தன. கழிவுக் குழாய் சாமி அறையின் கூரைக்கடியில் ஓடித்தான் வெளிச்சுவருக்குப் போயிருக்கும். வடிவமைப்பாளரும் குனிந்து பார்த்துவிட்டு ஒன்றும் பேசவில்லை. சாமி அறையைக் கூடத்தின் கிழக்கு மூலைக்கு மாற்றி வரைய அவருக்கு ஒரு வாரம் ஆனது. செலவு எதுவுமில்லை. தளத்தை உடைத்துக் குழாய் இறக்கிய பிறகு கண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நீயே நினைத்துப் பார்.

இதற்கு இரண்டு தாள்களும் ஒரே அளவுவிகிதத்தில் இருக்க வேண்டும். 20 அடிக்கு 70 அடி வரிசை வீட்டை 1:50 விகிதத்தில் அச்செடுக்க ஏ2 தாள் வேண்டும். வீட்டு அச்சுப்பொறியில் தாளுக்கு ஏற்பச் சுருக்கி எடுத்தால் விகிதம் கெட்டுவிடும். சரியாக இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள, 900 மில்லிமீட்டர் என்று எழுதியிருக்கும் ஒரு கதவை அளவுகோலால் அளந்து பார். தாளில் 18 மில்லிமீட்டர் இருக்க வேண்டும்.

இனி பணம். விலைப்பட்டியலைச் சந்திப்புக்கு மூன்று நாள் முன்பாவது அனுப்பச் சொல். கடைசி வரியில் இருக்கும் மொத்தத்தை மட்டும் பார்த்துத் தலையாட்டிவிடாதே. எங்களுக்கு வந்த மொத்தம் 92,000 ரிங்கிட். உள்ளே ஒரு வரியில், தரை ஓடு சதுர அடிக்கு 4 ரிங்கிட் என்று எழுதியிருந்தது. அது ஓட்டின் விலையல்ல, ஓட்டுக்கென்று அவர்கள் ஒதுக்கிய தொகை. கடையில் எங்களுக்குப் பிடித்த ஓடு 9 ரிங்கிட் 50 சென். தரை 640 சதுர அடி. வெட்டுச் சேதத்துக்குப் பத்து விழுக்காடு கூட்டினால் 704. அடிக்கு ஐந்தரை ரிங்கிட் வித்தியாசம் என்றால் 3,872 ரிங்கிட் கூடுகிறது. பெரிய ஓடு என்பதால் பதிக்கும் கூலியும் ஏறியது. ஆகவே ஓடு, குழாய், கழிவறைச் சாமான் மூன்றையும் கடையில் பார்த்து, அந்த விலைகளை எழுதிக்கொண்டு போய்ச் சந்திப்பில் உட்கார்.

மின் வேலையையும் இப்படிச் சரிபார்க்கலாம். வரைபடத்தில் விளக்கு, மின்விசிறி, மின்செருகிக் குறிகளைப் பென்சிலால் ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே எண்ணினேன். நாற்பத்தொன்று வந்தது. விலைப்பட்டியலிலோ முப்பது. இந்தப் பதினொன்றுக்கான பணத்தை வேலைக்கு நடுவில் கேட்டிருந்தால் எங்களுக்குப் பேரம் பேச வழியே இருந்திருக்காது.

நீ பின்பக்கம் நீட்டிக் கட்டப் போகிறாய் அல்லவா? அதற்குப் பினாங்கு மாநகர் மன்றத்தின் அனுமதி வேண்டும். வரைபடத்தை யார் சமர்ப்பிப்பார், அவர் அதற்குத் தகுதியுள்ளவரா, அந்தக் கட்டணமும் பொறியாளர் கட்டணமும் மொத்தத்தில் சேர்ந்திருக்கின்றனவா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள். அனுமதிக்கு ஆகும் காலத்தை விட்டுவிட்டுத் தீபாவளிக் கணக்குப் போடாதே.

இன்னொன்று. உங்கள் வீடும் எங்கள் வீட்டைப் போலப் பழையது. குளியலறைத் தரையை உடைத்தபோது உள்ளே இரும்புக் குழாய்கள் துருப்பிடித்துப் போயிருந்தன. அவற்றை மாற்ற 2,600 ரிங்கிட் ஆனது. தரைக்குள் இருப்பதை எந்த வரைபடமும் காட்டாது. கையில் இருப்பதில் பத்தில் ஒரு பங்கை யாரிடமும் சொல்லாமல் எடுத்து வைத்துவிடு.

சந்திப்பு முடிந்த அன்றிரவே முடிவானவற்றை அவருக்குச் செய்தியாக அனுப்பி, ஒப்புக்கொள்வதாகப் பதில் வாங்கு. திருத்திய வரைபடத்தில் புதிய தேதி இருக்கிறதா என்று பார். எங்கள் குத்தகையாளர் கையில் இரண்டு வாரம் பழைய தாள் இருந்தது. திருத்திய வரைபடமும் திருத்திய விலையும் கைக்கு வரும்வரை முன்பணம் கொடுக்க வேண்டாம்.

சமைப்பவள் நீதான் என்பதால் அன்று வேலைக்கு விடுப்புப் போட வேண்டியிருந்தாலும் நீ இருந்தாக வேண்டும், அண்ணனை மட்டும் அனுப்பிவிடாதே. சனிக்கிழமை காலை என்று முடிவானால் எனக்குச் சொல். வெள்ளிக்கிழமையே ரயிலில் பட்டர்வொர்த் வந்து பெர்ரி ஏறிவிடுகிறேன். அளவுநாடா நான் கொண்டுவருகிறேன். இரண்டு தளங்களையும் ஏ2 தாளில் அச்செடுத்து நீ வைத்திரு. வெளிச்சம் நன்றாக விழும் ஜன்னல் எது என்றும் பார்த்து வை.

அன்புடன்,
உன் பழைய தோழி