அசிட்டாலில் நான்கு அல்ல, ஐந்து

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வெளிவந்த புரோட்டான் என்.எம்.ஆர். பற்றிய கட்டுரையின் இறுதியில், அசிட்டால்டிஹைடு டைஎத்தில் அசிட்டால், அதாவது CH3CH(OCH2CH3)2, எத்தனை சமிக்ஞைகள் தரும் என்று கேட்டு, நான்கு என்று விடை அச்சிட்டிருந்தீர்கள். ஒரே கார்பனில் உள்ள இரு ஹைட்ரஜன்கள் எப்போதும் ஒரே வகையைச் சேர்ந்தவை என்ற எண்ணத்தில் அவ்விடை நிற்கிறது. எத்தனாலுக்கு அந்த எண்ணம் இடையூறு செய்யாது. இந்த அசிட்டாலிலோ சரியான விடை ஐந்து.

இதை நான் சற்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பல ஆண்டுகளுக்கு முன் எங்கள் ஆய்வகத்தில் ஒரு மாணவர் இதே பொருளைத் தயாரித்தார். 3.5 பி.பி.எம்.-க்கும் 3.65 பி.பி.எம்.-க்கும் இடையே ஒரு தெளிவான குவார்டெட் வர வேண்டிய இடத்தில் கோடுகள் குவிந்து கிடப்பதைக் கண்டு மாசு கலந்துவிட்டதென்று முடிவு செய்து, பொருளை மூன்று முறை வடித்தெடுத்தார். ஒவ்வொரு முறையும் பொருளின் அளவுதான் குறைந்தது, கோடுகள் அப்படியே இருந்தன.

இரு ஹைட்ரஜன்கள் ஒன்றா வேறா என்று அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. ஒவ்வொன்றின் இடத்திலும் முறையே ஒரு டியூட்டீரியத்தை வைத்ததாகக் கற்பனை செய்து, கிடைக்கும் இரு மூலக்கூறுகளையும் ஒப்பிட வேண்டும். எத்தனாலின் CH2-இல் இப்படிச் செய்தால் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமான இரு மூலக்கூறுகள் கிடைக்கின்றன. ஆகவே அவ்விரு ஹைட்ரஜன்களும் எனான்சியோடோபிக். அசிட்டாலில் நிலைமை வேறு. இடப்புற எத்தாக்ஸியின் CH2-இல் ஒரு டியூட்டீரியம் ஏறியவுடன் அந்தக் கார்பன் H, D, CH3, O என்ற நான்கு வெவ்வேறு தொகுதிகளைத் தாங்குகிறது. அதோடு நில்லாமல், இடப்புற எத்தாக்ஸியும் வலப்புற எத்தாக்ஸியும் இப்போது வேறுபட்டுவிட்டதால் நடுவிலுள்ள அசிட்டால் கார்பனும் கைரல் மையமாகிறது. டியூட்டீரியத்தை அதே CH2-இன் மற்ற ஹைட்ரஜன் இருந்த இடத்துக்கு மாற்றினால், CHD மையம் மட்டும் தலைகீழாகிறது, நடுமையம் மாறாமல் இருக்கிறது. இரண்டு மையங்களில் ஒன்று மட்டும் மாறிய இரு மூலக்கூறுகள் கண்ணாடிப் பிம்பங்கள் ஆக முடியாது, அவை டயாஸ்டீரியோமர்கள். எனவே அந்த இரு ஹைட்ரஜன்களும் டயாஸ்டீரியோடோபிக். மூல மூலக்கூறில் ஒரு கைரல் மையம்கூட இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அதில் ஒரு சமச்சீர்த் தளமே இருக்கிறது. அந்தத் தளம் இடப்புற எத்தாக்ஸியை வலப்புறத்தோடு மாற்றுகிறதே தவிர, ஒரே CH2-இன் இரு ஹைட்ரஜன்களை ஒன்றோடொன்று மாற்றுவதில்லை. கைரல் மையம் இருந்தால்தான் இப்படி நேரும் என்று கருதி, மையத்தை மட்டும் தேடும் மாணவர்கள் வழுக்கி விழுவது இங்கேதான்.

ஒற்றைப் பிணைப்புகள் விரைந்து சுழல்கின்றனவே, சுழற்சியில் எல்லாம் சராசரியாகிவிடாதா என்ற கேள்வி எழும். விளக்கத்துக்காக நடுவிலுள்ள ஆக்ஸிஜனைச் சற்றே மறந்துவிடுவோம். அசிட்டால் கார்பன், இந்த CH2-இன் பக்கம் H, CH3, மற்ற OEt என மூன்று வெவ்வேறு தொகுதிகளைக் காட்டுகிறது. அவற்றுக்கிடையே மூன்று இடைவெளிகள் உள்ளன. ஒரு ஹைட்ரஜன், H-க்கும் CH3-க்கும் இடைப்பட்ட இடைவெளியில் இருக்கும்போது, எத்தில் தொகுதியின் மெத்தில், OEt-க்கும் H-க்கும் நடுவே இருப்பதாகக் கொள்வோம். CH2 சுழன்று மற்ற ஹைட்ரஜன் அதே இடைவெளிக்கு வரும்போது, அந்த மெத்தில் CH3-க்கும் OEt-க்கும் நடுவே போய்விடுகிறது. இரு ஹைட்ரஜன்களும் மூன்று இடங்களிலும் உட்கார்ந்து எழுகின்றன என்றாலும், ஒன்று உட்காரும்போது அமைகிற சுற்றுப்புறம் மற்றதற்கு ஒருபோதும் அமைவதில்லை. ஆகவே சுழற்சி எவ்வளவு விரைவானாலும் இரண்டின் சராசரிகளும் சமமாக வேண்டிய கட்டாயம் இல்லை.

நிறமாலையில் இது எப்படித் தெரியும்? டியூட்டெரோகுளோரோஃபார்மில் இந்த ஹைட்ரஜன்களில் ஒன்று ஏறத்தாழ 3.49 பி.பி.எம்.-இலும் மற்றது 3.64 பி.பி.எம்.-இலும் வருகின்றன. ஒரே கார்பனில் இருந்தாலும் வேறுபட்டவை என்பதால் ஒன்றையொன்று சுமார் 9.4 ஹெர்ட்ஸ் அளவில் பிளக்கின்றன; அருகிலுள்ள CH3 சுமார் 7 ஹெர்ட்ஸ் அளவில் மேலும் பிளக்கிறது. இதனால் ஒவ்வொன்றும் இரு குவார்டெட்டுகளாக, எட்டுக் கோடுகளாக வருகிறது. 400 மெகாஹெர்ட்ஸ் கருவியில் 0.15 பி.பி.எம். என்பது 60 ஹெர்ட்ஸ். பிளவுகளைவிட இது மிகப் பெரியதால் இரு தொகுதிகளும் பிரிந்து நிற்கும். உள்பக்கத்துக் கோடுகள் மட்டும் சற்று உயர்ந்து, கூரைபோல ஒன்றையொன்று நோக்கிச் சாயும். பழைய 60 மெகாஹெர்ட்ஸ் கருவியில் அதே 0.15 பி.பி.எம். வெறும் 9 ஹெர்ட்ஸாகச் சுருங்கிப் பிளவின் அளவுக்கே வந்துவிடுகிறது. அங்கே பிரித்தறிய முடியாத ஒரு கோட்டுக் குவியல்தான் தெரியும். எங்கள் மாணவரை மருட்டியது அந்தக் குவியலே.

மாசுதானா என்ற ஐயத்தைத் தீர்க்க மறுபடி வடித்தெடுக்க வேண்டியதில்லை. இரு தொகுதிகளின் பரப்பளவும் சமமாக, தலைக்கு 2H என வருகிறதா என்றும், 9.4 ஹெர்ட்ஸ் என்ற அதே இடைவெளி இரண்டிலும் இருக்கிறதா என்றும் பார்த்தாலே பெரும்பாலும் போதும். அதிக ஆற்றல்மிக்க கருவியில் எடுத்தால் இரு தொகுதிகளின் இடைவெளி ஹெர்ட்ஸில் விரியும், 9.4 மட்டும் அப்படியே நிற்கும். கார்பனோடு இணைத்துப் பார்க்கும் எச்.எஸ்.க்யூ.சி. நிறமாலையில் இரண்டு தொகுதிகளும் ஒரே கார்பனுக்கு நேராக வந்தால் ஐயமே இல்லை. மாதிரியைச் சூடேற்றினால், மந்தமான சுழற்சியால் பிரிந்த கோடுகள் ஒன்று சேரும்; இவை அப்படிச் சேர வேண்டியதில்லை.

டயாஸ்டீரியோடோபிக் என்றால் வெவ்வேறு சமிக்ஞை வந்தே தீரும் என்றும் சொல்லிவிட முடியாது. வேறுபாடு மிகச் சிறிதாகி, இரண்டும் தற்செயலாக ஒரே இடத்தில் விழலாம். கரைப்பானை டியூட்டெரோபென்சீனாக மாற்றிப் பார்த்தால் சில வேளைகளில் பிரிந்துவிடும். எனான்சியோடோபிக் ஹைட்ரஜன்களோ சாதாரணக் கரைப்பானில் கட்டாயமாக ஒரே இடத்தில்தான் வரும். கைரல் கரைப்பானோடு சேரும்போது மட்டும் அவை டயாஸ்டீரியோடோபிக் ஆகி, கொள்கையளவில் பிரியலாம். ஒளிசுழற்றும் கரைப்பானில் எனான்சியோமர்களே வெவ்வேறு சமிக்ஞை தருவதை வில்லியம் பிர்க்கிள் 1966-இல் ஃபுளூரின் என்.எம்.ஆர். மூலம் காட்டினார். எத்தனாலின் இரு ஹைட்ரஜன்களை நம் கருவி வேறுபடுத்தாவிட்டாலும், ஈஸ்ட்டின் ஆல்கஹால் டீஹைட்ரஜனேஸ் நொதி வேறுபடுத்துகிறது, ஏனென்றால் நொதியே கைரல். இரண்டில் குறிப்பிட்ட ஒன்றை மட்டுமே அது நீக்குகிறது.

ஆகவே அடுத்த இதழில் அந்த விடையைத் திருத்தி, அசிட்டால் கார்பனில் உள்ள CH3-இன் டப்ளெட், CH-இன் குவார்டெட், எத்தில் CH3-இன் டிரிப்ளெட், OCH2-இன் இரு தனித் தொகுதிகள் என ஐந்தையும் குறிப்பிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர் ஒருவர்,
திருச்சிராப்பள்ளி