‘ஜாதீ’யும் ‘ரோதீ’யும் காஃபியா ஆகாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் உருது கஜல் கட்டுரையில் ‘இரண்டு அடிகளும் ஒரே சொல்லில் முடிந்தால் போதும்’ என்ற வரியைப் படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. அதற்கு எடுத்துக்காட்டாகக் காட்டிய ஈரடியில் ஓரடி ‘ரோதீ நஹீன் ஹை’ என்றும், மற்றது ‘ஜாதீ நஹீன் ஹை’ என்றும் முடிகிறது. வாணியம்பாடியில் எனக்குக் கஜல் கற்பித்த என் உஸ்தாத் அதைப் பார்த்திருந்தால் தாளை மடித்து என்னிடமே திருப்பிக் கொடுத்திருப்பார்.

மாறாமல் திரும்பி வரும் ‘நஹீன் ஹை’ ரதீஃப். அதற்கு முன்னால் ஒலி ஒத்து வர வேண்டிய சொல்தான் காஃபியா. நம் இயைபு அடியின் கடைசியில் நிற்கும். காஃபியா ஒரு படி உள்ளே தள்ளி நிற்கும். ‘ரோதீ’, ‘ஜாதீ’ இரண்டிலும் ‘தீ’ இருக்கிறதே என்று கேட்கலாம். அந்த விகுதியைக் கழித்துப் பாருங்கள். ‘ரோ’வும் ‘ஜா’வும் எங்கே ஒக்கின்றன?

பிரிவைப் பற்றி முதன்முதலில் நான் எழுதிய மத்லா, அதாவது கஜலின் முதல் ஈரடி, இது:

திரீ யாத் மேன் ராத் ஜாதீ நஹீன் ஹை
ஸஹர் தூர் ஹை, நீந்த் ஆதீ நஹீன் ஹை

உன் நினைவில் இரவு நகரவில்லை. விடியல் தொலைவில், தூக்கமும் வரவில்லை. ‘தீ’யை நீக்கினாலும் ‘ஜா’, ‘ஆ’ ஒத்து நிற்கின்றன. மத்லாவில் இரண்டு அடிகளும் காஃபியா, ரதீஃபைச் சுமக்கும். அடுத்து வரும் ஈரடிகளான ஷேர்களில் இரண்டாம் அடி மட்டும் சுமந்தால் போதும்:

தர் அப்னே குலே ரக் கே பைட்டா ஹூன் கப் ஸே
ஹவா பீ கோயீ கத் தோ லாதீ நஹீன் ஹை

கதவைத் திறந்து வைத்துவிட்டு எப்போதிலிருந்தோ உட்கார்ந்திருக்கிறேன். காற்றுகூட ஒரு கடிதம் கொண்டுவரவில்லை. முதலில் நான் மேலடியை ‘ரகா ஹை’ என்று முடித்திருந்தேன். உஸ்தாத் அந்த ‘ஹை’யின் கீழே கோடு போட்டார். மத்லா அல்லாத ஷேரின் முதலடி ரதீஃபின் வாலைத் தொட்டு முடியக்கூடாது, கேட்பவர் அதையும் மத்லா என்று எண்ணி ஏமாறுவார் என்றார். ஒரு ‘ஹை’யை மாற்ற எனக்கு நான்கு நாள் ஆயிற்று. அப்படிக் கற்ற ஒன்றை ‘போதும்’ என்ற ஒரு சொல்லில் முடித்துவிட்டீர்களே!

இது முதல் முறையும் அல்ல. முன்பு ஒரு கஜலை வெளியிட்டபோது ஈரடிகளை ஒட்டி, பத்தியாகவே அச்சிட்டீர்கள். எந்த அடி எங்கே முடிகிறது என்று தெரியாமல் ரதீஃபை எவர் கேட்பார்? அன்றும் கடிதம் எழுதினேன். பதில் இல்லை. உருது தெரிந்தவர்கள் உங்கள் இதழைப் படிப்பதில்லை என்று நினைத்துவிட்டீர்களோ என்று வருந்தினேன்.

அடுத்த இதழில் அந்த எடுத்துக்காட்டைத் திருத்தி ஒரு குறிப்பு வெளியிடுங்கள். ஷேரை இரண்டு தனி வரிகளாக அச்சிடுங்கள். வேறொன்றும் கேட்கவில்லை.

இப்படிக்கு,
வாணியம்பாடி வாசகர்