காசு கணக்கில் இருந்தது, கைக்கு வரவில்லை: மலையக வங்கிக் கிளை முகாமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய முகாமையாளர்களுக்கு,

ஹட்டன் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் போட்டோகொப்பி எடுத்து, படிவம் நிரப்பிக் கொடுக்கும் சின்னக் கடை ஒன்று வைத்திருக்கிறேன். பொகவந்தலாவை, மஸ்கெலியா, நோர்வூட் பஸ்களில் வந்து இறங்கும் ஆட்கள் சேமலாப நிதிப் படிவம், அஸ்வெசும மேன்முறையீடு, பிறப்புச் சான்றிதழ் விண்ணப்பம் என்று ஏதாவது ஒன்றோடு வருவார்கள். இப்போது அவற்றோடு இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. “பேங்க்ல ஏதோ ஃபோம் கேக்கிறாங்க தம்பி, காசு எடுக்க விடல்ல” என்று பாஸ்புக்கை நீட்டுகிறார்கள். வாடிக்கையாளர் விபரங்களைக் காலத்துக்குக் காலம் மீள உறுதிப்படுத்தும் படிவம் அது. இந்த மடல் அதைப் பற்றியதுதான்.

என் பெரியம்மாவுக்கு நடந்ததைச் சொல்கிறேன். நாற்பது வருடம் கொழுந்து எடுத்து ஓய்வு பெற்றவர். மகள் குவைத்தில் வீட்டு வேலை செய்து மாதம் நாற்பதாயிரம் ரூபா அனுப்புவாள். மாசி மாதம் வரை எந்தக் குறையும் இல்லை. பங்குனியில் ஒரு சனிக்கிழமை வந்து ஏ.டி.எம். இயந்திரத்தில் கார்டைப் போட்டார். ஆங்கிலத்தில் ஏதோ எழுதி கார்டை வெளியே தள்ளியது. பின்னால் வரிசையில் ஆட்கள் நின்றதால் யாரிடமும் கேட்காமல் அடுத்த பஸ்ஸில் ஏறிவிட்டார். மகள் இந்த மாதம் அனுப்பவில்லை என்று நினைத்துக்கொண்டார். கேட்டால் பிள்ளை மனம் வருந்துவாள் என்று கேட்கவும் இல்லை. கடையில் கடன் சொல்லிச் சாமான் எடுத்தார், சர்க்கரை வருத்தத்துக்கான மருந்தைப் பாதியாகக் குறைத்தார். சித்திரையிலும் இதே கதை. வருசப் பிறப்புக்குப் பிறகு மகள் தொலைபேசியில், “அம்மா, ரெண்டு மாசக் காசும் கிடைச்சிருச்சா?” என்று கேட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது.

நான் அவரைக் கூட்டிக்கொண்டு வங்கிக்குப் போனேன். கவுண்டரில் இருந்த பிள்ளை பாஸ்புக்கை வாங்கி அச்சிட்டுக் கொடுத்தார். அந்தப் பக்கத்தை இன்னும் மறக்க முடியவில்லை. பங்குனியில் வரவு 40,000, சித்திரையில் வரவு 40,000, மீதி 86,350. காசு ஒழுங்காக வந்து சேர்ந்திருக்கிறது. வெளியே போகும் கதவை மட்டும் பூட்டி வைத்திருக்கிறார்கள்.

பெரும்பாலானவர்களுக்குப் புரியாத இடம் இதுதான். விபரம் புதுப்பிக்காத கணக்கை வங்கி உடனே மூடிவிடுவதில்லை. முதலில் வழக்கமாகப் போடுவது பணம் எடுப்பதற்கான தடை. வரவு உள்ளே வரும், வட்டியும் சேரும், ஆனால் இயந்திரமும் கவுண்டரும் காசு தராது. பாஸ்புக்கை அச்சிட்டுப் பார்த்தால் இது உடனே தெரியும். வரவுகள் தொடர்ந்து பதிந்திருந்தும் எடுக்க முடியவில்லை என்றால், தடைக்குக் காரணம் என்ன என்று கவுண்டரில் நேரடியாகக் கேட்கவேண்டும். நீண்ட நாள் யாரும் கை வைக்காததால் ‘செயலற்றது’ என்று ஒதுக்கப்படும் கணக்கு வேறு வகை. பத்து வருடம் எந்த அசைவும் இல்லாமல் கிடந்து, வங்கிச் சட்டத்தின்படி ‘கைவிடப்பட்ட ஆதனம்’ என்று இலங்கை மத்திய வங்கிக்குப் போகும் காசு மூன்றாவது வகை. அப்படிப் போன காசைக்கூட உரியவர் தன் வங்கி ஊடாகக் கேட்டுத் திரும்பப் பெறலாம். ஆனால் லயத்துக்குள் இந்த மூன்றுக்கும் ஒரே பெயர்தான்: “பேங்க்ல காசு போச்சு.” அந்தப் பயத்தில் வங்கிப் பக்கமே வராமல் இருந்து, வெறும் படிவம் ஒன்றால் தீரும் தடையைச் செயலற்ற கணக்கு வரைக்கும் கொண்டுபோய்விட்டவர்கள் எங்கள் தோட்டங்களில் உண்டு.

உங்கள் பக்க நியாயமும் எனக்குத் தெரியும். 2006 ஆம் ஆண்டின் 6 ஆம் இலக்க நிதியியல் கொடுக்கல் வாங்கல்கள் அறிக்கையிடல் சட்டமும், வாடிக்கையாளரை அறிந்துகொள்வது குறித்து 2016 இல் வந்த விதிகளும், ஆள் யாரென்று உறுதியில்லாத கணக்கை நடத்த உங்களை விடுவதில்லை. ஒருமுறை அடையாளம் பார்த்ததோடு வேலை முடியாது, விபரங்கள் இன்றைக்கும் சரியா என்று தொடர்ந்து பார்க்கவும் வேண்டும். 2017 இல் சர்வதேச நிதி நடவடிக்கைச் செயலணி, கறுப்புப் பணத்தைத் தடுப்பதில் குறை உள்ள நாடுகளுக்கு வைத்திருக்கும் சாம்பல் பட்டியலில் இலங்கை சேர்க்கப்பட்டு, 2019 ஒக்டோபரில்தான் வெளியே வந்தது. அந்த அழுத்தம் கிளைகள் வரைக்கும் இறங்கியதையும் அறிவேன். ஆனால் அதே விதிகள் ஆபத்தின் அளவைப் பார்த்து நடக்கச் சொல்கின்றன. ஆபத்து கூடிய கணக்கை இறுக்கமாகவும் அடிக்கடியும் பாருங்கள், குறைந்ததை எளிய முறையில் பாருங்கள் என்பதுதான் அதன் சாரம். மாதம் ஒரு வரவு, ஒரு எடுப்பு என்று ஓடும் பெரியம்மாவின் கணக்கை நீங்கள் எந்தத் தட்டில் வைத்திருந்தீர்கள்?

அவருடைய படிவத்தில் எது எது பொருந்தவில்லை என்று சொன்னால் சிக்கல் எங்கே இருக்கிறது என்று உங்களுக்கே விளங்கும்.

முதலாவது அடையாள அட்டை. கணக்குத் திறக்கும்போது கொடுத்தது ஒன்பது இலக்கமும் கடைசியில் V எழுத்தும் உள்ள பழைய அட்டை. அது தொலைந்துபோய், பிறகு எடுத்தது பன்னிரண்டு இலக்கப் புதிய அட்டை. கணினியில் இலக்கம் பொருந்தவில்லை என்று அதிகாரி தயங்கினார். ஆனால் இரண்டும் ஒரே இலக்கம்தான். பழைய இலக்கத்தின் முதல் ஐந்து இலக்கங்களுக்குப் பிறகு ஒரு 0 நுழைத்து, எல்லாவற்றுக்கும் முன்னால் 19 சேர்த்து, கடைசி எழுத்தை எடுத்துவிட்டால் புதியது வந்துவிடும். ஒரு தாளில் எழுதிக் காட்டினேன், அவரும் ஒப்புக்கொண்டார். உங்கள் கவுண்டர் பிள்ளைகள் எல்லோருக்கும் இதை ஒருமுறை சொல்லிக் கொடுத்தால், எத்தனையோ பேர் பிரதேச செயலகத்துக்குக் கடிதம் கேட்டு அலையமாட்டார்கள்.

இரண்டாவது முகவரி. உங்கள் பதிவில் இருந்தது தோட்டப் பெயர், மேல் பிரிவு, பழைய லயம். பெரியம்மா இந்திய வீடமைப்புத் திட்டத்தில் ஏழு பேர்ச்சஸ் காணியில் கட்டிய வீட்டுக்குப் போய்விட்டார். மூன்று மாதத்துக்குள் வந்த மின்சாரப் பட்டியல் கேட்டீர்கள். பட்டியல் அவர் பெயரில் இல்லை, லயத்தில் இருந்த காலத்திலும் இருந்ததில்லை. கிராம உத்தியோகத்தரின் வதிவிடச் சான்றிதழ் போதும் என்று இரண்டாம் தடவை போனபோதுதான் சொன்னார்கள். எங்கள் கிராம உத்தியோகத்தருக்குப் பல தோட்டங்கள் பொறுப்பு, அலுவலகத்தில் இருப்பது குறித்த நாட்களில் மட்டும். முதல் நாளே சொல்லியிருந்தால் ஒரு பயணம் மிஞ்சியிருக்கும். பெரியம்மாவுக்குப் பஸ் காசோடு போயிற்று. இன்னும் வேலைக்குப் போகும் ஒரு பெண்ணுக்கு அது ஒரு நாள் பேர், ஒரு நாள் சம்பளம்.

மூன்றாவது, யாரும் கவனிக்காத இரண்டு கட்டங்கள். ‘தொழில்’ என்ற இடத்தில் தோட்டத் தொழிலாளி என்றும், ‘மாதம் எதிர்பார்க்கும் வரவு’ என்ற இடத்தில் பத்தாயிரத்துக்குக் கீழ் என்றும் பழைய படிவத்தில் இருந்தது. எழுதியபோது அது உண்மை. இப்போதோ வெளிநாட்டிலிருந்து நாற்பதாயிரம் வருகிறது. சொன்ன அளவுக்கும் வரும் காசுக்கும் இடைவெளி கூடினால் உங்கள் கணினி அந்தக் கணக்கை எடுத்துக் காட்டும் என்பது எனக்குத் தெரியும். பெரியம்மாவுக்கு எப்படித் தெரியும்? இந்த முறை ‘காசு வரும் வழி’ என்ற இடத்தில் “குவைத்தில் வேலை செய்யும் மகள் அனுப்பும் பணம்” என்றும், எதிர்பார்க்கும் வரவை ஐம்பதாயிரம் என்றும் எழுதினேன். என்னிடம் வருகிறவர்களுக்கும் இதைத்தான் சொல்கிறேன்: பயந்து குறைத்து எழுதாதீர்கள், உண்மையில் வருவதை எழுதுங்கள்.

படிவம் கொடுத்த மறுநாள் தடை நீங்கியது. ஒரு நாளில் தீரும் வேலைக்கு இரண்டு மாதம் போனது, அறிவித்தல் வந்து சேராததால். கடிதம் அனுப்பினோம், எஸ்.எம்.எஸ். அனுப்பினோம் என்றார்கள். பொய்யென்று நான் சொல்லவில்லை. கடிதம் பழைய லயத்து முகவரிக்குப் போயிருக்கும், தோட்டத்து அலுவலகத்தில் கட்டோடு கட்டாகக் கிடந்திருக்கும். எஸ்.எம்.எஸ். போன இலக்கம், கணக்குத் திறந்தபோது கொடுத்த மருமகனின் சிம். அது செத்து வருடக்கணக்கு ஆகிறது. ஆனால் தடை விழுவதற்கு முந்திய வருடத்தில் பெரியம்மா இரண்டு தடவை உங்கள் கவுண்டருக்கே வந்து பாஸ்புக் அச்சிட்டிருக்கிறார். ஆள் நேரே நின்றபோது ஒருவரும் கேட்கவில்லை.

அதனால் கேட்கிறேன். புதுப்பிக்கும் காலம் நெருங்கும் கணக்கின் பாஸ்புக் கவுண்டருக்கு வந்தால், அப்போதே படிவத்தைக் கையில் கொடுங்கள். இன்ன திகதிக்குள் விபரம் தரவேண்டும் என்று புத்தகத்தில் தமிழில் ஒரு முத்திரை குத்துங்கள். தொலைந்த சிம்முக்குப் போகும் பத்துச் செய்தியைவிட அது வேலை செய்யும், ஏனென்றால் எங்கள் வீடுகளில் அந்தப் புத்தகம் சாமிப் படத்துக்குப் பின்னால் பத்திரமாக இருக்கிறது. படிக்கத் தெரிந்த பேரப்பிள்ளையும் வீட்டில் இருக்கும். தடை போடுவதற்கு முன் பெயர்களை வெளியிடாமல், இன்ன வருடத்துக்கு முன் திறந்த கணக்குகள் என்று மட்டும் எழுதி, காலையில் வேலைக்கு ஆட்கள் கூடும் பெரட்டுக் களத்திலும் கோயிலிலும் ஓர் அறிவித்தல் ஒட்டுங்கள். முடிந்தால் சம்பளம் போடும் வாரத்தில் ஒரு நாள் இரண்டு அதிகாரிகளைத் தோட்டத்துக்கு அனுப்புங்கள். அடையாள அட்டையைப் பார்த்து, படம் எடுத்து, படிவம் நிரப்பி முடிக்க ஓர் ஆளுக்குப் பதினைந்து நிமிடம் போதும் என்பது என் கடை அனுபவம்.

தடை போட்டே ஆகவேண்டும் என்றால், சந்தேகம் எதுவுமில்லாத சிறிய கணக்குகளுக்குக் கவுண்டரில் ஆளை நேரே பார்த்து, மருந்துக்கும் அரிசிக்கும் ஆகும் ஒரு தொகையையாவது எடுக்க விடுங்கள். சந்தேகம் உள்ள கணக்குக்கு இந்தச் சலுகையை நான் கேட்கவில்லை.

இன்னொன்றும் அவசரம். “உங்க கணக்கு விபரம் முடிஞ்சுபோச்சு, மூடப் போறோம், போனுக்கு வந்த இலக்கத்தைச் சொல்லுங்க” என்று அழைப்பவர்கள் எங்கள் ஆட்களிடமும் வந்துவிட்டார்கள். உங்கள் உண்மையான கடிதம் வராத வீட்டுக்கு இந்தக் கள்ள அழைப்பு தவறாமல் வருகிறது. விபரம் புதுப்பிக்க இரகசிய இலக்கமோ, போனுக்கு வரும் ஒருமுறை இலக்கமோ எந்த வங்கியும் தொலைபேசியில் கேட்காது என்பதை அந்த அறிவித்தலிலேயே பெரிய எழுத்தில் போடுங்கள்.

பெரியம்மாவின் புது வீட்டு வரிசையில் மட்டும் இப்போது மூன்று பாஸ்புக்குகள் என்னிடம் வந்திருக்கின்றன. மூன்றிலும் வரவு பதிந்திருக்கிறது, ஒருவராலும் எடுக்க முடியவில்லை. மூன்று பேரும் எழுபது கடந்தவர்கள். அடுத்த வாரம் கிராம உத்தியோகத்தரின் சான்றிதழோடு அவர்களைக் கூட்டி வருகிறேன். முதல் தடவையிலேயே முடித்துக் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஹட்டனில் படிவம் நிரப்பிக் கொடுப்பவன்