கணக்கு வராதவர்களை அனலிட்டிக்ஸுக்கு அனுப்பாதீர்கள்

வடசென்னைக் கல்லூரிகளின் வேலைவாய்ப்புப் பொறுப்பாசிரியர்களுக்கும், தண்டையார்பேட்டை முதல் திருவொற்றியூர் வரை டேட்டா கோர்ஸ் நடத்தும் பயிற்சி நிலையத்தாருக்கும்,

வணக்கம்.

பழைய வண்ணாரப்பேட்டையில் குடியிருக்கிறேன். மணலிப் பக்கம் ஒரு கன்டெய்னர் நிறுவனத்தில், டேட்டா பிரிவில் வேலை. புதிதாக வரும் பிள்ளைகளை இன்டர்வியூ எடுப்பதும் என் தலையில்தான். "ஏம்ப்பா அனலிட்டிக்ஸ் எடுத்தே?" என்று கேட்டால் பாதிப் பேர் ஒரே பதிலைச் சொல்கிறார்கள்: "மேத்ஸ் வீக் சார். அதனால மெஷின் லேர்னிங் வேணாம், அனலிட்டிக்ஸ் போன்னு சென்டர்ல சொல்லிட்டாங்க."

பன்னிரண்டாம் வகுப்புக் கணக்கு மார்க்கை வைத்துப் பிள்ளைகளை இரண்டு வரிசையாகப் பிரிக்கிறீர்கள். கணக்கு வந்தால் மெஷின் லேர்னிங், வராவிட்டால் அனலிட்டிக்ஸ். இது தவறு என்று சும்மா சொன்னால் நம்ப மாட்டீர்கள். அதனால் எங்கள் பக்கத்து வேலையையே எடுத்துக் காட்டுகிறேன். எண்கள் கணக்குக்காக நான் போட்டவை. வேலையின் போக்கு உள்ளது உள்ளபடிதான்.

எண்ணூர் விரைவுச் சாலையில் டிரெய்லர்கள் வரிசை கட்டி நிற்பதை நீங்கள் தினமும் பார்க்கிறீர்கள். ஒரு நிறுவனம் தன் யார்டு வாசலில் டோக்கன் முறையைக் கொண்டுவருகிறது. ஒரு மாதம் கழித்து மேனேஜர் அனலிஸ்ட்டைக் கூப்பிட்டு, "காத்திருக்கும் நேரம் குறைஞ்சதா?" என்று கேட்கிறார். கேள்வி அவ்வளவுதான்.

முந்தைய மாதம் 1,000 டிரெய்லர்கள், சராசரிக் காத்திருப்பு 3.8 மணி நேரம். டோக்கன் வந்த மாதமும் 1,000 டிரெய்லர்கள், சராசரி 3.4 மணி நேரம். வண்டிக்கு 24 நிமிடம் மிச்சம். மூன்று மாத கோர்ஸில் டேஷ்போர்டு போடக் கற்ற பிள்ளை, பச்சை நிறத்தில் கீழ்நோக்கி ஓர் அம்புக்குறி போட்டுக் கொடுத்துவிடும். மேனேஜருக்கும் சந்தோஷம்.

இப்போது பகல் வண்டி, இரவு வண்டி என்று பிரித்துப் பாருங்கள். முன்பு பகலில் 600 வண்டிகள், சராசரி 5 மணி நேரம். இரவில் 400 வண்டிகள், சராசரி 2 மணி நேரம். டோக்கனுக்குப் பிறகு பகலில் 300 வண்டிகள், 5.5 மணி நேரம். இரவில் 700 வண்டிகள், 2.5 மணி நேரம். பகலிலும் அரை மணி கூடியிருக்கிறது, இரவிலும் அரை மணி கூடியிருக்கிறது. மொத்தச் சராசரி மட்டும் எப்படிக் குறைந்தது? பகல் வண்டிகள் இரவுக்கு மாறிவிட்டன. இரவில் எப்போதுமே வரிசை குறைவு. கூட்டிப் பெருக்கி நீங்களே சரிபார்க்கலாம். புள்ளியியலில் இதற்கு சிம்ப்சன் முரண் என்று பெயர். சரி, பெயர் தெரியாவிட்டால் குடி முழுகிவிடாது. பிரித்துப் பார்க்கத் தோன்றவில்லை என்றால்தான் முழுகும். இதில் இன்னொரு சிக்கல்: வண்டிகள் இரவுக்கு மாறியதே டோக்கனால்தான் என்றால், அந்த 24 நிமிடம் உண்மையான லாபம். வேறு ஏதோ காரணத்தால் மாறியிருந்தால் டோக்கனுக்கு அதில் பங்கில்லை. எது என்று சராசரி சொல்லாது. அனலிஸ்ட் போய் விசாரித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

இதோடு முடியவில்லை. பகலில் கூடிய அந்த அரை மணி நிஜமா, அல்லது மாதத்துக்கு மாதம் தானாக ஏறி இறங்குவதா? இங்கேதான் திட்டப் பிழை, அதாவது ஒரு சராசரி தற்செயலாக எவ்வளவு ஏறி இறங்கலாம் என்ற அளவு, வருகிறது. பகல் வண்டிகளின் திட்ட விலக்கம் 4 மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். 600 வண்டிக்கும் 300 வண்டிக்கும் உள்ள வித்தியாசத்தின் திட்டப் பிழை, 16/600 + 16/300 என்பதன் வர்க்கமூலம். அதாவது சுமார் 0.28 மணி. அதன் இரு மடங்கை இரு பக்கமும் விட்டால், கூடிய நேரம் ஏறக்குறைய பூஜ்ஜியத்திலிருந்து ஒரு மணி நேரம் வரை எங்கேயும் இருக்கலாம். "கூடியிருக்கலாம், அடித்துச் சொல்ல முடியாது" என்பதுதான் நேர்மையான பதில்.

அந்தப் பதிலிலும் ஓர் ஓட்டை உண்டு. காலையில் யார்டில் ஒரு கிரேன் நின்றுபோனால், அன்று வரிசையில் இருந்த எல்லா வண்டிக்கும் சேர்ந்தே தாமதம். ஆக 300 வண்டிகள் என்பது 300 தனித்தனி சாட்சிகள் ஆகாது. ஒரே நாளில் நின்ற வண்டிகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே சாட்சியைத்தான் சொல்கின்றன. அதனால் வண்டிகளை விட்டுவிட்டு நாட்களை எண்ண வேண்டும். இந்தப் பக்கம் 30 நாள், அந்தப் பக்கம் 30 நாள். நாள் சராசரிகளின் திட்ட விலக்கம் 1.5 மணி என்றால் திட்டப் பிழை 0.39 மணி ஆகிறது. இப்போது எல்லை இன்னும் விரிந்து, கால் மணி குறைந்தது முதல் ஒன்றேகால் மணி கூடியது வரை போய்விடுகிறது. மேனேஜரின் கேள்விக்கு ஒரு மாத டேட்டா போதாது. இதை அவர் முகத்துக்கு நேரே சொல்லும் தைரியம் கணக்கிலிருந்துதான் வரும்.

இதில் வகைக்கெழு இல்லை, தொகையீடு இல்லை. ஆனாலும் இதைச் சுலபமான கணக்கு என்று நான் சொல்ல மாட்டேன். சூத்திரத்தை எந்த மென்பொருளும் போட்டுவிடும். எதை எண்ணுவது, எதை எதோடு ஒப்பிடுவது என்பது அனலிஸ்ட்டின் மண்டைக்குள் இருக்க வேண்டும். தப்பாகச் செய்தாலும் திரையில் எர்ரர் வராது. அழகான சார்ட் ஒன்றுதான் வரும்.

இப்போது அதே யார்டில் மெஷின் லேர்னிங் இன்ஜினியர் என்ன செய்கிறார் என்று பாருங்கள். எந்த கன்டெய்னர் கட்டணமில்லாமல் நிற்க அனுமதிக்கும் ஃப்ரீ டேஸைத் தாண்டி நின்று டெமரேஜ் என்னும் தாமதக் கட்டணம் கட்டும் என்று முன்கூட்டியே கணிக்க ஒரு மாடல் வேண்டும். அவருடைய நேரத்தில் பெரும்பகுதி எங்கே போகிறது தெரியுமா? பல சிஸ்டங்களிலிருந்து டேட்டாவை ஒரே இடத்துக்குக் கொண்டுவருவதில், மாடலை ஒரு சர்வீஸாக ஓட்டுவதில், அது இரவு இரண்டு மணிக்கு நின்றால் கண்டுபிடிப்பதில். அசல் சாஃப்ட்வேர் வேலை.

அங்கே வரும் கோளாறு ஒன்றைச் சொல்கிறேன். பயிற்சிக்கு எடுத்த அட்டவணையில் வண்டி நுழைந்த நேரம் இந்திய நேரப்படி இருக்கிறது. லைவில் ஓடும் சர்வீஸோ அதே நேரத்தை உலகப் பொது நேரமான யூ.டி.சி.யில் அனுப்புகிறது. ஐந்தரை மணி நேர வித்தியாசம். இரவு 8 மணிக்கு நுழைந்த வண்டி மாடலுக்குப் பிற்பகல் 2:30 வண்டியாகத் தெரியும். டெஸ்ட்டில் நன்றாக இருந்த மாடல் லைவில் உளறும், எர்ரர் எதுவும் வராது. கண்டுபிடிக்க நேரான வழி, லைவில் மாடலுக்குப் போன மதிப்புகளைச் சேமித்துவைத்து, அதே கன்டெய்னரின் பயிற்சி வரிசையோடு பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது. இதில் கணக்கு எங்கே இருக்கிறது? கழித்தல் மட்டும்தான்.

கணக்கே வேண்டாம் என்று சொல்லவில்லை. நியூரல் நெட்வொர்க் எழுதுகிறவர் இப்படி ஒன்றை அடிக்கடி பார்ப்பார்:

```
RuntimeError: mat1 and mat2 shapes cannot be multiplied (32x10 and 12x64)
```

முதல் அணியின் நிரல் எண்ணிக்கையும் இரண்டாவது அணியின் நிரை எண்ணிக்கையும் ஒன்றாக இல்லை. பன்னிரண்டாம் வகுப்பு வரை வந்தவருக்கு இது புதிதல்ல. வகைக்கெழு வேலையை பைடார்ச் என்ற மென்பொருள் தானே பார்த்துக்கொள்கிறது. கையால் போடச் சொல்லி யாரும் கேட்பதில்லை, இன்டர்வியூவைத் தவிர. (இன்டர்வியூவில் கேட்பதற்கும் சீட்டில் உட்கார்ந்து செய்வதற்கும் உள்ள தூரத்தைப் பற்றித் தனியாக ஒரு மடல் எழுதலாம்.)

இன்ஜினியருக்கு உண்மையிலேயே தேவைப்படும் கணக்கு வேறு இடத்தில் ஒளிந்திருக்கிறது. 100 கன்டெய்னரில் 5தான் தாமதமாகும் என்று வையுங்கள். மாடல் அந்த ஐந்தைக் கவனிக்க வேண்டுமே என்று, தாமதமாகாத 95-ஐ 5 ஆகக் குறைத்துப் பயிற்சி கொடுப்பார்கள். பரவலான வழக்கம்தான். அப்புறம் அந்த மாடல் ஒரு கன்டெய்னரைப் பார்த்து 80 சதவீதம் தாமதமாகும் என்கிறது. 80 சதவீதம் என்றால் தாமதம் 4, தாமதமில்லை 1. ஆனால் பயிற்சியில் இருந்த ஒவ்வொரு தாமதமில்லாத கன்டெய்னரும் நிஜத்தில் 19 கன்டெய்னருக்கு ஈடு. ஆக நிஜ விகிதம் 4-க்கு 19. 23-ல் 4, சுமார் 17 சதவீதம்.

எது தாமதமாக அதிக வாய்ப்பு என்ற வரிசை மாறாது. அதனால் வரிசையை மட்டும் அளக்கும் ஏ.யூ.சி. போன்ற மதிப்பெண்ணில் இந்தக் கோளாறு தெரியவே தெரியாது. டெமரேஜுக்கு எவ்வளவு பணம் ஒதுக்குவது என்று அக்கவுண்ட்ஸ் பிரிவு அந்த 80-ஐ அப்படியே எடுத்துக் கணக்குப் போடும்போதுதான் வெடிக்கும். மாடல் 80 சதவீதம் சொன்ன கன்டெய்னர்களை எல்லாம் தனியாக எடுத்து, அவற்றில் எத்தனை நிஜமாகவே தாமதமானது என்று எண்ணினால் பிடித்துவிடலாம். எட்டாம் வகுப்பு விகிதக் கணக்கும் நிகழ்தகவு பற்றிய தெளிவும் இதற்குப் போதும்.

புதுசாக அல்காரிதம் கண்டுபிடிக்கும் ஆராய்ச்சி வேலைக்கு ஆழமான கணக்கு வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் கோர்ஸ் முடித்த கையோடு அந்த நாற்காலிக்கு நம் பிள்ளைகள் யாரும் போவதில்லை. அதேபோல, எம்.ஐ.எஸ். எக்ஸிகியூட்டிவ் என்று விளம்பரம் வரும் வேலைகள் பெரும்பாலும் எக்ஸெல் ரிப்போர்ட் எடுப்பதுதான். அதற்குக் கணக்கு அதிகம் வேண்டாம், சம்பளமும் அதற்கேற்றபடிதான். அதை அனலிட்டிக்ஸ் என்று பெயர் சூட்டி விற்பதால்தான் இந்தக் குழப்பமே.

உங்களிடம் நான் கேட்பது கொஞ்சம்தான். அனலிட்டிக்ஸ் கோர்ஸில் பவர் பி.ஐ.க்கு ஒதுக்கும் வாரங்களில் சிலவற்றை எடுத்துக் கூறெடுப்புக்கும் திட்டப் பிழைக்கும் கொடுங்கள். இதற்குப் புதுப் புத்தகம் வேண்டாம். நம் மாநிலப் பாடத்திட்டத்தில் பன்னிரண்டாம் வகுப்பு வணிகக் கணிதத்திலேயே இந்தப் பாடம் இருக்கிறது. காமர்ஸ் குரூப்பில் அதைப் படித்துவிட்டு வந்த பிள்ளையை "மேத்ஸ் வீக்" என்று நீங்களே ஒதுக்கிவைக்கிறீர்கள். மெஷின் லேர்னிங் கோர்ஸில் முதல் மாதமே ஐகன் மதிப்பைக் கையால் போடச் சொல்லி மிரட்டாதீர்கள். அந்த இடத்தில் லினக்ஸ், கிட், ஒரு ஏ.பி.ஐ. எழுதி ஓட்டுவது ஆகியவற்றை வையுங்கள். அணிப் பெருக்கல் தேவைப்படும் இடத்தில் அதைச் சொல்லிக்கொடுங்கள்.

பிரிக்கத்தான் வேண்டும் என்றால் மேலே உள்ள டோக்கன் கணக்கையும் அந்த எர்ரர் வரியையும் பிள்ளைகள் முன் வையுங்கள். எதைப் பார்த்ததும் எந்தப் பிள்ளை கேள்வி கேட்கிறது என்று கவனியுங்கள். சனிக்கிழமை மதியம் எனக்கு ஓய்வு. கூப்பிட்டால் எந்த வகுப்பறைக்கும் வந்து இந்த இரண்டையும் போர்டில் போட்டுக் காட்டுகிறேன், காசு வேண்டாம்.

இப்படிக்கு,
வண்ணாரப்பேட்டையிலிருந்து ஒரு டேட்டா ஊழியன்